தையல் கடையில் மாணவர் சலுகை

"அல்சூரில் தையல் கடை. மாணவர்களுக்கும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் லாபம் குறையாமல் எப்படித் தள்ளுபடி கொடுப்பது?"

எல்லா நாளும் விலையில் கைவைக்காதீர்கள். சட்டைக்கு 500 ரூபாய் வாங்கி, கூலி, நூல், வாடகை எல்லாம் போக 100 மிஞ்சுகிறது என்றால், 10% தள்ளுபடியே அதில் பாதியைத் தின்றுவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, ஆஃபர் லெட்டரைப் பார்த்துவிட்டு, நீங்கள் தைத்த துணிக்கு ஒரு வருடம் இலவச ஆல்ட்ரேஷன் கொடுங்கள். ஹாஸ்டல் சாப்பாட்டை விட்டு ஆபீஸில் உட்கார்ந்ததும் பலருக்கு இடுப்பு ஒரு இஞ்ச் கூடும், பேன்ட்டின் பின்தையலில் கொஞ்சம் துணி விட்டிருந்தால் பத்து நிமிட வேலைதான், வருகிறவர் புதுத் துணியும் கொண்டுவருவார். தைத்துக் கொடுத்த தேதியை அளவு நோட்டில் எழுதுங்கள்.

மாணவர்களுக்கு விலையைக் குறைக்கலாம், ஆனால் கடையில் கூட்டமில்லாத நாளில் மட்டும். டெய்லருக்கு மாதச் சம்பளம் என்றால்தான் இது சரிவரும், அவர் சும்மா இருந்தாலும் சம்பளம் போகத்தான் போகிறது; பீஸ் கூலி என்றால் ஒவ்வொரு சட்டைக்கும் தனியாகக் கூலி போகும், தள்ளுபடி முழுவதும் உங்கள் லாபத்தில்தான் குறையும்.