முட்டி, சீட் உயரம், வெயிட்: சைக்கிள்காரங்க கேட்டதும் என் பதிலும்

கேள்வி: முட்டி வலிக்குது சார், என்ன எக்சர்சைஸ் பண்ணலாம்?

பதில்: லெட்டர் மொத்தமும் இவ்வளவுதான். எந்த முட்டி, முன்பக்கமா பின்பக்கமா, ஓட்டும்போதா ஓட்டி முடிச்சப்புறமா, ஒண்ணும் இல்ல. போகட்டும், நிறைய பேருக்கு வலி முன்பக்கம் முட்டிச் சிப்பிய சுத்திதான் இருக்கும், உங்களுக்கும் அதுதான்னு வச்சிக்கறேன். எக்சர்சைஸ அப்புறம் பாக்கலாம், சீட் உயரத்தை முதல்ல பாருங்க. ஓட்டுற ஷூவ போட்டு சீட்ல உக்காந்து, குதிகால பெடல்ல வச்சு, பெடல அடிக்கு கொண்டு போங்க, இடுப்பு ஒரு பக்கம் சாயாம கால் அப்பதான் நேராகணும். அப்பவும் முட்டி மடங்கியே இருந்தா சீட் தாழ்வு, ஒவ்வொரு மிதிக்கும் சிப்பிக்கு பின்னாடி அழுத்தம் தேவையில்லாம ஏறுது. ஒரே நாள்ல ரெண்டு சென்டிமீட்டர் ஏத்திடாதீங்க, அப்புறம் பின்பக்கம் வலிக்குதுன்னு எனக்கே எழுதுவீங்க. 3, 4 மில்லிமீட்டர் ஏத்தி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பெரிய கியர்ல போட்டு நிமிஷத்துக்கு 55, 60 சுத்துன்னு அமுக்குற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க, 80க்கு மேல சுத்துங்க.

முட்டி வீங்குது, நடுவுல லாக் ஆகுது, நடக்கும்போது திடீர்னு விட்டுப்போகுதுன்னா இதெல்லாம் படிச்சிட்டு இருக்காதீங்க, ஆர்த்தோ டாக்டர பாருங்க.

கேள்வி: ஸ்குவாட் பண்ணும்போது முட்டி கால்விரலைத் தாண்டக்கூடாதாமே?

பதில்: தாராளமா தாண்டலாம். குதிகால் தரைய விட்டு எழும்பக்கூடாது, அத மட்டும் பாருங்க.

கேள்வி: அண்ணா, சைக்கிள் ஸ்டாமினா கேம், அதனால லைட் வெயிட்ல 30 ரெப் போடுன்னு ஜிம் ட்ரெய்னர் சொன்னாரு. 10 கிலோ டம்பெல்ல பிடிச்சு 30 ஸ்குவாட், 4 செட், ஆறு மாசமா பண்றேன். ஏத்தத்துல ஒரு மாற்றமும் இல்ல, முட்டியும் லேசா கடுகடுன்னு இருக்கு. எனக்கு 42 வயசு, 75 கிலோ, வாரம் மூணு நாள் ஓட்டுவேன்.

பதில்: தம்பி, இந்த 30 ரெப் கதைய கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், உங்க மேல இல்ல, சொல்லிக் கொடுத்தவர் மேல. ஒரு மணி நேரம் ஓட்டினா நீங்க ஒரு கால்ல 5000 தடவை மிதிக்கறீங்க, ரெப்புக்கா பஞ்சம்? சும்மா சமதளத்துல 150 வாட்ஸ்ல நிமிஷத்துக்கு 85 சுத்துல போறப்போ பெடல சுத்தற விசை சராசரியா ஒரு 10 கிலோ அளவுதான் வரும், கால் நல்லா அமுக்கற நொடியில அதுல ரெண்டு மடங்குன்னு வச்சிக்கங்க. அதாவது ரோட்ல கம்மி பாரத்துல ஆயிரக்கணக்குல பண்ணிட்டீங்க, ஜிம்லயும் போய் அதே ஜாதி வேலையத்தான் பண்றீங்க. ஜிம்ல கிடைக்க வேண்டியது ரோட்ல கிடைக்காத ஒண்ணு, நிறைய பாரம், கொஞ்சம் ரெப். உங்க உச்ச பலம் கூடினா ஏத்தத்துல அதே மிதி உங்க பலத்துல சின்ன பங்காயிடும், கால் லேட்டா களைக்கும். தசைநாணும் பாரம் ஏத்தினாத்தான் கெட்டியாகும், 10 கிலோவுக்கு அது அசையாது. இதுல 30ல கடைசி 10 ரெப் களைச்சுப்போய் முட்டி உள்பக்கம் சாஞ்சு வருமே, அந்த கடுகடுப்பு அங்கிருந்துதான் வந்திருக்கும்னு என் சந்தேகம். மொபைல்ல முன்னாடி இருந்து வீடியோ எடுத்து பாருங்க.

உங்களுக்கு நான் போடற கணக்கு இது. வாரம் ரெண்டு நாள், தடவைக்கு 45 நிமிஷம், நாலே அயிட்டம்: ஸ்குவாட், ரோமேனியன் டெட்லிஃப்ட், ஸ்ப்ளிட் ஸ்குவாட், காஃப் ரெய்ஸ். முதல் மூணு வாரம் 16 கிலோவ நெஞ்சோட பிடிச்சு ஸ்குவாட், 3 செட், 10 ரெப், இறங்க மூணு செகண்ட் எடுத்துக்கங்க, இது பாடி பழகறதுக்கு மட்டும். நாலாவது வாரம் பார்பெல்லுக்கு போங்க, பாரோட சேத்து 40 கிலோ, 3 செட், 6 ரெப், நடுவுல முழுசா ரெண்டு மூணு நிமிஷம் ரெஸ்ட் (போன் பாத்தாலும் பரவாயில்ல, ரெஸ்ட்ட குறைக்காதீங்க). எப்பவும் இன்னும் ரெண்டு ரெப் வரும்ங்கற நிலையில நிறுத்திடணும். மூணு செட்டும் சுத்தமா வந்துச்சுன்னா அடுத்த தடவை 2.5 கிலோ, வரலைன்னா அதே வெயிட். 12 வாரத்துல 60 கிலோ பக்கம் நிக்கணும், கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம். ஸ்ப்ளிட் ஸ்குவாட்ட விடவே கூடாது, பெடல் ஒவ்வொரு காலாத்தானே மிதிக்கறோம், பலமான கால் ரெண்டு கால் ஸ்குவாட்ல மத்த காலோட வேலையையும் செஞ்சு மறைச்சிடும். அத பலவீனமான கால்ல ஆரம்பிச்சு, அது எத்தனை போட்டுச்சோ அத்தனைதான் அடுத்த காலுக்கும். காஃப் ரெய்ஸ் மட்டும் 12 ரெப் வரைக்கும் போகலாம்.

வலிக்கு ஒரு அளவுகோல்: பத்துக்கு மூணு வரைக்கும் பண்ணும்போது இருந்தா ஓகே, ஆனா அடுத்த நாள் காலைல மாடிப்படி இறங்கறப்போ முன்னைவிட கூடியிருக்கக் கூடாது. கூடினா வெயிட்ட 20 சதவீதம் இறக்குங்க, எக்சர்சைஸையே விட்டுடாதீங்க. அப்புறம் சீட் உயரத்தை நீங்களும் பாருங்க, லெட்டர்ல அது பத்தி ஒரு வார்த்தை இல்ல.

கேள்வி: சிப்பி வலி இருக்கு, லெக் எக்ஸ்டென்ஷன் மெஷின தொடவே கூடாதுன்னு சொல்றாங்க, சரியா?

பதில்: பாதி சரி. அந்த மெஷின்ல கால் நேராகற கடைசி பாதியிலதான் சிப்பிக்கு அழுத்தம் அதிகம், ஸ்குவாட்ல அப்படியே தலைகீழ், ஆழமா போகப்போக கூடும். அதனால வலி இருக்கற வாரங்கள்ல மெஷின்ல மடக்கின நிலைல இருந்து பாதி வரைக்கும் மட்டும் நீட்டுங்க, ஸ்குவாட்ல பாதி வரைக்கும் மட்டும் இறங்குங்க. வலி அடங்கினதும் ரெண்டுலயும் மெல்ல மெல்ல முழு அளவுக்கு வந்துடணும், பாதியிலயே குடியிருக்காதீங்க. அடுத்த நாள் காலை டெஸ்ட் இங்கயும் உண்டு.

கேள்வி: ஞாயித்துக்கிழமை லாங் ரைட். வெயிட்ட எந்த நாள் போடறது? சனிக்கிழமைதான் ஃப்ரீ.

பதில்: சனிக்கிழமை வேண்டாம், கால்வலி அடுத்த நாளே ஏற ஆரம்பிச்சு ரெண்டாவது நாள் உச்சத்துக்கு வரும், பாதி ரைட்ல மாட்டிக்குவீங்க. செவ்வாயும் வியாழனும் போடுங்க. அந்த நாள்ல கடினமா ஓட்டறதா இருந்தா காலைல ஓட்டிட்டு சாயங்காலம் வெயிட், நடுவுல ஆறு மணி நேரமாவது விடுங்க. மத்த நாள நிஜமாவே ஈசியா ஓட்டணும், எல்லா நாளையும் நடுத்தரமா முக்கி ஓட்டறவங்களுக்கு எந்த ப்ரோக்ராமும் ஏறாது. சனிக்கிழமைய விட்டா வேற வழியே இல்லைன்னா வாரம் ஒரு நாள் ஜிம் போதும்னு வச்சு, லாங் ரைட் இல்லாத வாரத்துல மட்டும் சனிக்கிழமை போடுங்க.

கேள்வி: உக்காந்து எழுந்தா முட்டில டக் டக்னு சத்தம் வருது. வலி இல்ல. ஸ்குவாட் பண்ணலாமா?

பதில்: வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்துக்கு மருந்தே வேண்டாம். பண்ணுங்க.

கேள்வி: 12 வாரம் முடிச்சிட்டேன், நல்லா இருக்கு. இப்ப நிறுத்திடலாமா?

பதில்: நிறுத்தினா ரெண்டு மாசத்துல நல்லாவே இறங்கிடும். நீங்க அதிகமா ஓட்டற மாசங்கள்ல வாரம் ஒரே ஒரு நாள், அதே வெயிட், ரெண்டு செட் போதும், பலம் நிக்கும். செட்ட குறைங்க, வெயிட்ட குறைக்காதீங்க.

கேள்வி: வெயிட் போட்டா தொடை பெருத்து ஏத்தத்துல ஸ்லோ ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு.

பதில்: வாரம் ரெண்டு நாள், ஆறு ரெப், கூடவே அவ்வளவு சைக்கிளும் ஓட்டிக்கிட்டு? பெரிசா பெருக்காது.