லூப் நிற்காமல் போன டெஸ்டின் முடிவைக் கேட்பது எப்படி?

"போன வியாழன் லைவ் கோடிங் டெஸ்ட். பைனரி சேர்ச் எழுதச் சொன்னார்கள். லூப் நிற்கவே இல்லை. பிழை தெரிந்தபோது நேரம் முடிந்துவிட்டது. ஆறு நாளாகப் பதில் இல்லை. மெயில் போட்டுக் கேட்கலாமா, ஃபெயில் என்றே விட்டுவிடவா?"

மெயில் போட்டுக் கேளுங்கள். மருதானையில் ஒரு கம்பனியில் நான்கு வருடமாக இந்த டெஸ்டை வைக்கும் பக்கம் இருக்கிறேன். டெஸ்ட் முடிந்ததும் நாங்கள் இருவர் தனித்தனியே குறிப்பு எழுதுவோம். மற்றவர்களின் டெஸ்டும் முடியும்வரை எச்.ஆர். அதை வைத்திருப்பார்கள். நடுவில் போயா விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளும். ஆறு நாள் மௌனத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

போன வருடம் ஒரு தம்பியும் இதே இடத்தில்தான் மாட்டினார்:

```python
while lo < hi:
    mid = (lo + hi) // 2
    if a[mid] < x:
        lo = mid
    else:
        hi = mid
```

இரண்டு எண் மிஞ்சும்போது `lo` 0, `hi` 1 என்று வையுங்கள். `mid` 0 ஆகும். `a[0]` தேடும் எண்ணைவிடச் சிறியதென்றால் `lo` மறுபடி 0தான், அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். `lo = mid + 1` என்று மாற்றினால் தீர்ந்தது. அவருக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனால் `lo`, `mid` இரண்டையும் பிரிண்ட் செய்து பார்த்து, "கடைசி இரண்டு எண்ணில்தான் மாட்டிக்கொள்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னார். அவரை எடுத்தோம். அதே நாளில் வாயே திறக்காமல் `<`, `<=` என்று மாற்றி மாற்றி எப்படியோ ஓடவைத்த ஒருவரை எடுக்கவில்லை. ஏன் ஓடியது என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை.

சரி, மெயிலுக்கு வருவோம். பதில் தரும் திகதியை அவர்கள் சொல்லியிருந்தால் அதற்கு மறுநாள் அனுப்புங்கள். சொல்லவில்லையென்றால் ஐந்து வேலை நாள் போகட்டும். உங்கள் கணக்கில் நாளைக்கு. டெஸ்டுக்கு நேரம் குறித்துத் தந்தவருக்கே எழுதுங்கள். டெஸ்ட் எடுத்த எஞ்சினியர் பெரும்பாலும் முடிவைச் சொல்ல முடியாத நிலையில்தான் இருப்பார். எந்த வேலை, எந்தத் திகதியில் டெஸ்ட், முடிவு எப்போது தெரியும், இவ்வளவுதான் எழுத வேண்டும். பிழையை நீங்களே கண்டுபிடித்திருந்தால் அந்த ஒரு வரியைச் சேர்க்கலாம்; முழு கோடையும் திருத்தி இணைக்க வேண்டாம். "சரியாகச் செய்யவில்லை, மன்னியுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மெயிலைத் திறக்கும் எச்.ஆர். ஆள் எங்கள் குறிப்பை இன்னும் படித்திருக்க மாட்டார். உங்களைப் பற்றி அவர் படிக்கும் முதல் அபிப்பிராயம் அதுவாகிவிடும்.

ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு மெயில் போடுங்கள், அதோடு போதும். 'இல்லை' என்று வந்தால், ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதைவிட, கோடிலா விளக்கியதிலா குறை என்று கேட்டுப் பாருங்கள். ஒரே சொல்லில் முடிகிற கேள்விக்கு எச்.ஆர். எங்களிடம் விசாரித்தாவது பதில் அனுப்புவார்கள்.