பவுண் விலைக்கு அலர்ட், ஸ்டொப் லொஸ்: திருகோணமலை வாசகர்கள் மூவரின் கேள்விகள்

உப்புவெளி வாசகி: போனில் XAUUSD விலைக்கு அலர்ட் போட்டிருக்கிறேன். அது அடிக்கவே இல்லை, ஆனால் கடையில் பவுண் விலை இறங்கிவிட்டது. எப்படி?

அந்த அலர்ட் பார்ப்பது ஒரு அவுன்ஸ் தங்கத்தின் டொலர் விலையை மட்டும்தான். நம் கடை விலைக்குள் டொலரின் ரூபா மதிப்பும் இருக்கிறது. அவுன்ஸ் 31.1 கிராம், பவுண் 8 கிராம். கணக்குக்காக அவுன்ஸ் 3,000 டொலர், டொலர் 300 ரூபா என்று வையுங்கள். 24 கரட் பவுண் சுமார் 231,500 ரூபா வரும். டொலர் 285க்கு இறங்கினால் அதே பவுண் 219,900. அவுன்ஸ் விலை அசையவே இல்லை, அலர்ட் எப்படி அடிக்கும்?

2022இல் இது தலைகீழாக நடந்தது. மார்ச் மாதத்துக்குப் பிறகு உலகச் சந்தையில் தங்கம் இறங்கியது, டொலரோ 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. இங்கே பவுண் விலை எகிறியது.

ஆகவே டொலர் ரூபாவுக்கும் தனியாக ஒரு அலர்ட் போடுங்கள், மேலே கீழே 2% போதும். எது அடித்தாலும் பவுண் விலையை மேலே உள்ளபடி போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மூதூர் வாசகர்: 8 கிராம் தங்கக் காசு 235,000க்கு வாங்கினேன். 5% இறங்கினால் விற்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

வாங்கிய அன்றே அதே கடை அதை என்ன விலைக்குத் திருப்பி எடுக்கும் என்று கேட்டீர்களா? 228,000 என்று வைத்தால், உங்கள் 5% எல்லையான 223,250க்கு மிச்சம் வெறும் 4,750 ரூபா, அதாவது 2%. தங்கம் சில நாட்களில் ஒரே நாளிலேயே அவ்வளவு ஆடும். வந்த வேகத்தில் விற்றுவிட்டு நிற்பீர்கள்.

கடை எடுக்கும் விலையிலிருந்து எண்ணுங்கள். நான் 8% விடுவேன். அது சுமார் 209,800. மொத்த நட்டம் 25,200 ரூபா. அது தாங்காது என்றால் எல்லையைக் கிட்டக் கொண்டுவராதீர்கள், அடுத்த முறை 4 கிராம் வாங்குங்கள். கையிலிருக்கும் காசை உங்களுக்காக யாரும் தானாக விற்றுத் தரமாட்டார்கள் என்பதால், கடை எடுக்கும் விலை 213,000க்கு வரும் இடத்திலேயே ஒரு அலர்ட் இருக்கட்டும். காசு அடகில் இருந்தால் மீட்காமல் விற்க முடியாது, அதையும் யோசியுங்கள். நகைக்கு இந்தக் கணக்கே வேண்டாம். செய்கூலியும் சேதாரமும் முதலிலேயே போய்விடும்.

தம்பலகாமம் வாசகர்: இணையக் கணக்கில் போட்ட ஸ்டொப் லொஸ், நான் வைத்த விலைக்குக் கீழே விற்றிருக்கிறதே?

சாதாரண ஸ்டொப் லொஸ் அந்த விலைக்கு உத்தரவாதம் தராது. விலை அங்கே தொட்டதும், கிடைக்கிற விலைக்கு விற்கச் சொல்லும், அவ்வளவுதான். உலகச் சந்தை சனிக்கிழமை விடியற்காலை மூடி, நம் நேரப்படி திங்கள் விடியற்காலை திறக்கிறது. இடையில் ஏதும் நடந்தால் திறக்கும்போதே விலை உங்கள் எல்லையைத் தாண்டியிருக்கலாம். வெள்ளி இரவே கணக்கில் வைத்திருக்கும் தங்கத்தின் அளவைக் குறைப்பதுதான் இதற்கு வழி.