மாமாவின் வால்வு ஆபரேஷனுக்கு அறக்கட்டளையிடம் உதவி: எஸ்டிமேட்டும் வருமானச் சான்றும் எப்படி இருக்க வேண்டும்?

கேள்வி: சோமனூர் பக்கம் தறிக்குடோனில் தறி ஓட்டும் எங்க மாமாவுக்கு (அம்மாவின் தம்பி, வயது 52) இதய வால்வு மாற்றணும்னு சொல்லிட்டாங்க. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை 3,40,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கு. வருமானம் கூடுதல்னு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கலைங்க. மூணு அறக்கட்டளைகளுக்கு எழுதலாம்னு இருக்கோம். வருமானச் சான்றைக் கொஞ்சம் குறைச்சு வாங்கிக்கலாம்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார். எனக்கு மாசம் 42,000 சம்பளம். என் சம்பளத்தையும் காட்டணுமா? குடோன் முதலாளி 20,000 அட்வான்ஸ் தரேங்கறார், வாங்கலாமா?

பதில்: முதலில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். மாமாவின் கூலியில் இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறார்களா? பத்துப் பேருக்குக் குறைவான குடோன் என்றால் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் இந்தக் கடிதமே தேவைப்படாமல் போகலாம். இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். அது தப்பு என்பது ஒருபுறம், அது எடுபடவும் எடுபடாது. அறக்கட்டளையில் உங்கள் கோப்பைப் புரட்டுபவர் ஒரே ஒரு காகிதத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வருமானச் சான்று, ஆறு மாத வங்கிப் பாஸ்புக், ரேஷன் அட்டை, வீட்டு வாடகை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சான்றில் வருடத்துக்கு 84,000 என்று இருக்கும். வாடகை மாதம் 4,000, சீட்டு மாதம் 3,000 என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து அதே 84,000. அப்போது சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லை என்றால் மற்ற காகிதங்கள் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

இன்னொன்று, அரசின் காப்பீட்டுத் திட்டத்துக்குத்தான் 1,20,000 ரூபாய் என்ற ஆண்டு வருமான எல்லை. அறக்கட்டளைக்கு அந்தக் கோடு கிடையாது. சொல்லப்போனால், அட்டை உள்ளவரிடம் "திட்டத்திலேயே போய்ச் செய்துகொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் குடும்பத்துக்குத்தான் வேறு வழி இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். உண்மையான கணக்கு உங்கள் மாமாவுக்குச் சாதகமாகவே இருக்கிறது.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? தறி ஓட்டுபவருக்குச் சம்பள ரசீது கிடையாது. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை கையில் பணம். ஆனால் பெரும்பாலானவர்களிடம் ஒரு கூலி நோட்டு இருக்கும், பால் நோட்டு மாதிரி ஓரம் மடங்கிப் போனது. வாராவாரம் ஓட்டிய மீட்டர், வாங்கிய தொகை, கழித்த அட்வான்ஸ் எல்லாம் அதில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

வாரக் கூலி சராசரி 3,400 என்று நோட்டில் வருகிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கிவிடாதீர்கள். நோம்பி, பாவு வராமல் தறி நின்ற நாள் எல்லாம் சேர்த்து 5 வாரம் போகும். மூச்சு வாங்கி மாமா வேலைக்குப் போகாமல் இருப்பது 10 வாரம் என்றால், ஓடியது 37 வாரம்தான். 1,25,800 ரூபாய். அத்தை தார் சுற்றி வாரம் 700 வாங்கினால், 45 வாரத்துக்கு 31,500. குடும்ப வருமானம் 1,57,300 ரூபாய். இந்தக் கணக்கைத் தனித்தாளில் எழுதி, நோட்டின் பக்கங்களை நகல் எடுத்துப் பின்னால் வையுங்கள். மாமா கடைசியாக வேலைக்குப் போன தேதியை மறக்காமல் போடுங்கள். சான்று காட்டுவது போன வருமானத்தை. இனி சில மாதங்களுக்கு வாரம் 700 மட்டும்தான் வரும் என்பதை அந்தத் தேதிதான் சொல்லும்.

சான்றை இ-சேவை மையத்தில் மாமா பெயரில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகப் போய் வட்டாட்சியர் தருவார். அலுவலர் விசாரிக்கும்போது இதே கணக்குத் தாளைக் காட்டுங்கள். சான்றில் எண் இருக்கும், அதை வைத்து இணையத்தில் சரிபார்க்க முடியும். அதனால் வெறும் தாளில் கையால் எழுதி வாங்கிய கடிதம் போதாது. முக்கியமாக ஒன்று: மாமாவின் பிள்ளைகளின் கல்லூரி உதவித்தொகைக்காக முன்பு வாங்கிய சான்று வீட்டில் இருந்தால், அதில் என்ன தொகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் காரணத்தை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

குடோன் முதலாளியிடமும் ஒரு கடிதம் கேளுங்கள். எத்தனை வருடமாக வேலை, வாரச் சராசரி என்ன, எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, இவ்வளவு போதும். சிலர் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள், நாளைக்கு ஏதாவது கணக்குக் கேட்டு வந்துவிடுவார்களோ என்று பயம். தராவிட்டால் விட்டுவிடுங்கள், நோட்டு இருக்கிறது.

உங்கள் சம்பளத்துக்கு வருவோம். விண்ணப்பம் மாமா பெயரில், ரேஷன் அட்டையில் உள்ள குடும்பத்தின் வருமானத்தோடு போகிறது. நீங்கள் அந்த அட்டையில் இல்லை, ஆகவே உங்கள் சம்பளம் சேராது. ஆனால் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதும் போன் எடுப்பதும் நீங்கள் என்றால், "மருமகன் என்ன கொடுக்கிறார்?" என்று நிச்சயம் கேட்பார்கள். கேட்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

இனி எஸ்டிமேட். அதை இன்னொரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். "வால்வு மாற்று அறுவை, 3,40,000" என்று ஒரே வரியில் இருந்தால் திருப்பிக் கொடுத்துப் பிரித்துக் கேளுங்கள். இப்படி இருக்க வேண்டும்: அறுவை, மயக்க மருந்து, தியேட்டர் 1,85,000; வால்வு 75,000; தீவிர சிகிச்சைப் பிரிவும் வார்டும் 45,000; மருந்து, ரத்தம், பரிசோதனை 35,000. மருத்துவமனையின் தலைப்புத் தாளில், நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும், நோயின் பெயர், மருத்துவர் கையெழுத்து, முத்திரை, தேதி. பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், ஒன்றில் பின்னால் என்று இருந்தாலே ஒரு வாரம் அலைய விடுவார்கள். மூன்று இடத்துக்கு அனுப்புவதால் மூன்று அசல் கேளுங்கள். அறக்கட்டளைக்குத் தணிக்கை உண்டு, நகலை வைத்துக் காசோலை போடத் தயங்குவார்கள்.

வால்வு எந்த வகை என்றும் அதில் எழுதி வாங்குங்கள். உலோக வால்வு என்றால் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரையும், அவ்வப்போது ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையும் உண்டு. திசு வால்வுக்கு ஆயுள் முழுக்க அந்த மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்து மறுபடி மாற்ற வேண்டி வரலாம். எது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் இதைக் கேட்பது, வீடு திரும்பிய பிறகு வரும் இந்தச் செலவு எந்த எஸ்டிமேட்டிலும் இருக்காது என்பதற்காக.

மருத்துவமனையில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். அவரிடம் போய்ச் சலுகை கேளுங்கள். 30,000 குறைத்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பிறகு கடிதத்தின் நடுவில் இந்தப் பத்தியை வையுங்கள்:

"மதிப்பீடு 3,40,000 ரூபாய். மருத்துவமனைச் சலுகை 30,000. அக்கா மகன் தருவது 60,000. நகை அடமானம் 50,000. சீட்டு எடுத்தது 40,000. அதில் 25,000 மருத்துவமனைக்கு, 15,000 பின்செலவு மருந்துக்கு. குறைவது 1,75,000 ரூபாய். தங்களிடம் 75,000 கேட்கிறோம். மேலும் இரண்டு அறக்கட்டளைகளிடம் தலா 50,000 கேட்டு விண்ணப்பித்துள்ளோம்."

மொத்தத் தொகையைக் கேட்காமல் குறைகிற தொகையைக் கேளுங்கள், மற்ற இரண்டு இடங்களின் பெயரையும் எழுதிவிடுங்கள். கோவை வட்டாரத்தில் அறக்கட்டளை நடத்துபவர்கள் பலர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். மறைத்தால் ஒரு போன் காலில் தெரிந்துவிடும்.

முதலாளி தரும் 20,000-ஐ நான் இந்தப் பட்டியலில் சேர்க்காததைக் கவனித்திருப்பீர்கள். அது உதவி இல்லை, அட்வான்ஸ். நெஞ்செலும்பைப் பிளந்து செய்த ஆபரேஷனுக்குப் பிறகு மாமா எப்போது தறிக்குப் போவார், பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியுமா என்று இப்போது யாருக்கும் தெரியாது. அட்வான்ஸ் வாங்கியிருந்தால் முடியாவிட்டாலும் போக வேண்டி வரும். ஏற்கெனவே பாக்கி எவ்வளவு என்று கூலி நோட்டில் பாருங்கள்.

பணம் வரும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். காசோலை மருத்துவமனை பெயரில்தான் வரும், உங்கள் கைக்கு வராது. பில் எஸ்டிமேட்டை விடக் குறைந்தால் மீதியை அறக்கட்டளைக்கே திருப்புவார்கள். நடந்து முடிந்த ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மச்சானுக்கு ஆபரேஷன் என்றபோது, அறக்கட்டளைக் குழு கூடப் பத்து நாள் இருந்தது. அதற்குள் பயந்துபோய் ஊரெல்லாம் வட்டிக்கு வாங்கி முழுப் பணத்தையும் கட்டிவிட்டோம். "கட்டியாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று கோப்பை மூடிவிட்டார்கள். அந்த வட்டி இரண்டு வருடம் ஓடியது.

அதனால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: மூன்று வாரம் தள்ளலாமா? தள்ளலாம் என்றால், ஒவ்வொரு அறக்கட்டளையின் குழுவும் எந்தத் தேதியில் கூடுகிறது என்று கேட்டு, அதற்குப் பின்னால் ஆபரேஷன் தேதியை வாங்குங்கள். தள்ளக்கூடாது என்றால், முன்பணம் மட்டும் கட்டிச் சேர்த்துவிட்டு, "அவசரம், இந்தத் தேதிக்குள்" என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கி அன்றைக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மருத்துவமனைக் கணக்குப் பிரிவிடம் அறக்கட்டளையின் ஒப்புதல் கடிதத்தை ஏற்றுக்கொள்வார்களா, காசோலை கையில் வந்தால்தான் தியேட்டருக்கு எடுப்பார்களா என்றும் இப்போதே கேட்டு வையுங்கள். இடத்துக்கு இடம் இது மாறும்.