வணக்கம் சொன்ன பிறகு வரும் மௌனம்: கேள்வி பதில்

பெரம்பூர் வாசகர்: லிஃப்டில் கீழ்வீட்டுப் பெரியவருக்கு வணக்கம் சொல்கிறேன், அவரும் சொல்கிறார். பிறகு இருவரும் பேசாமல் நிற்கும்போது எனக்கு வியர்த்துவிடுகிறது.

பதில்: வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வந்தவுடன் அந்தப் பரிமாற்றம் நிறைவடைந்துவிடுகிறது. அடுத்து யார் பேசவேண்டும் என்பதை அது முடிவு செய்வதில்லை; எனவே அந்த மௌனம் உங்கள் தவறும் அல்ல, அவருடைய வெறுப்பும் அல்ல. மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், கைப்பேசியை மட்டும் எடுக்காதீர்கள், ஏனென்றால் எடுத்த கணமே பேச விருப்பமில்லை என்று அவர் புரிந்துகொள்வார். பேசத் தோன்றினால், கேள்வியாக இல்லாமல், இருவருக்கும் தெரிந்த ஒன்றைச் செய்தியாகச் சொல்லுங்கள். "இன்றைக்குத் தண்ணீர் லாரி சீக்கிரமே வந்துவிட்டது" என்கிறீர்கள். "வந்தது, ஆனால் சம்ப் பாதிதான் நிரம்பியது" என்று அவர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தால் பேச்சு தொடங்கிவிட்டது. "ம்" என்று மட்டும் சொல்லிக் கதவைப் பார்த்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது முயற்சிதான் சங்கடத்தை உண்டாக்கும்.

அடையாறு வாசகி: உடனே "சாப்பிட்டீர்களா" என்று கேட்டால் போதாதா? மௌனம் ஒரு வினாடியைத் தாண்டக்கூடாது என்று படித்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் படித்ததில் பாதி சரி. உரையாடல் பதிவுகளை ஆராய்ந்த கெயில் ஜெஃபர்சன், பேச்சின் நடுவே வரும் மௌனம் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுவதாக 1989-இல் எழுதினார். அது அவர் கண்டது. யாருக்கும் விதித்த கெடு அல்ல. "சாப்பிட்டீர்களா" என்பதோ நம்மிடையே வணக்கத்தின் நீட்சிதான். "ஆயிற்று" என்ற பதில் வந்ததும் அதே மௌனம் திரும்பி வந்து நிற்கும்.

தாம்பரம் வாசகர்: துபாயிலிருந்து மகன் அழைத்து "அப்பா" என்றதும் சற்று நேரம் அமைதியாக இருக்கிறான். கோபமா?

பதில்: நேரில் சந்திப்பதிலிருந்து இது வேறுபட்டது. இணைய அழைப்பில் குரல் தாமதமாக வந்து சேர்வது உண்டு. மேலும், அழைத்தவரே விஷயத்தைத் தொடங்குவது வழக்கம். அவருக்குச் சற்று இடம் கொடுங்கள். கோபமா என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

தி.நகர் வாசகி: மனப்பாடம் செய்ய ஐந்து வாக்கியங்கள் தர முடியுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இடத்தோடு ஒட்டாத வாக்கியம் உதவாது. கைப்பேசியையும் எடுக்காதீர்கள்.

மயிலாப்பூர் வாசகர்: பெரியவர் முன்னால் பேசாமல் நிற்பதுதான் மரியாதை. இளையவர் லாரியைப் பற்றி ஆரம்பிப்பது அதிகப்பிரசங்கித்தனம்.

பதில்: சில வீடுகளில் அப்படித்தான், அங்கே அந்த மௌனத்தால் யாருக்கும் சங்கடமில்லை. ஆனால், பக்கத்தில் குடியிருப்பவர் பேசவே மாட்டார் என்று வருந்தும் முதியவர்களையும் நான் அறிவேன். எல்லாருக்கும் பொருந்தும் விதியாக இதை நான் ஏற்கமாட்டேன்.

மயிலாப்பூர் வாசகர்: நானும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பெரம்பூர் வாசகர்: அப்படியானால் அவரே தொடங்கட்டும் என்று விட்டுவிடவா?

பதில்: ஒருமுறை நீங்கள் சொல்லிப் பாருங்கள். அவர் "ம்" என்றால், அடுத்த முறை வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, இறங்கும்போது "வருகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.