வெள்ளவத்தையா, யாழ்ப்பாணமா, கோலாலம்பூரா?

கேள்வி: அண்ணா, லண்டன் கம்பனி ஒன்றுக்கு ஒப்பந்த அடிப்படையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், மாதம் 1,700 டொலர் வருகிறது. வெள்ளவத்தையில் அனெக்ஸ். வீட்டுக்காரர் இனி 95,000 வாடகை, ஒரு வருட ஒப்பந்தம், ஆறு மாத முற்பணம் கேட்கிறார். கோவர்க்கிங் இடத்துக்கும் மாதம் 25,000 கட்டுகிறேன், வாரத்தில் இரண்டு நாள்தான் போகிறேன். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 40,000-க்கு வீடு கிடைக்கிறது, மாதம் 80,000 மிச்சம். கோலாலம்பூரில் இருக்கிற சிநேகிதன் அங்கே வா என்கிறான். எங்கே போனால் காசுக்கு நல்லது?

பதில்: தம்பி, முதலில் கோலாலம்பூரை எடுத்து வைத்துவிடுவோம். ஊர் நல்லதுதான், தமிழ்ச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்துகொண்டு அங்கே மாதக்கணக்கில் தங்குவதற்கான டெ ரன்தாவ் அனுமதிக்கு, தொழில்நுட்ப வேலை செய்கிறவர்கள் வருடத்துக்கு 24,000 டொலர் வருமானம் காட்ட வேண்டும், மற்ற வேலைக்காரருக்கு அது 60,000. உங்களுடையது 20,400. சுற்றுலா விசாவில் போய் லப்டொப்பைத் திறந்து வேலை செய்யலாம் என்று சிநேகிதன் சொன்னால் கேட்காதீர்கள், அது சட்டப்படி சரியில்லை. அனுமதி கிடைத்தாலும் வீட்டுக்குள் நுழையும்போதே இரண்டு மாத வைப்பு, ஒரு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் என்று மூன்றரை மாத வாடகையை வைக்கச் சொல்வது அங்கே வழக்கம். வீட்டு ஃபைபரும் பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தத்தில்தான் தருவார்கள், ஆறு மாதத்தில் கிளம்பினால் தண்டம். மாதம் 2,000 டொலரைத் தாண்டிய பிறகு இதைத் திரும்பக் கதைப்போம்.

மிச்சமிருப்பது வெள்ளவத்தையும் திருநெல்வேலியும். நீங்கள் சொன்ன 80,000 சரியான எண் இல்லை. ஏன் என்று பார்க்க உங்கள் வேலை நேரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

லண்டனில் காலை ஒன்பது மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. எட்டு மணித்தியால வேலை நாள் என்றால் கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை வரை போகும். உங்கள் கோவர்க்கிங் இடம் எத்தனை மணிக்குப் பூட்டுகிறது? ஆறு மணிக்கு என்றால், மாதத்தில் எட்டு நாள் போய், ஒவ்வொரு நாளும் நாலரை மணித்தியாலம் இருந்துவிட்டு, மீட்டிங்குகள் சூடுபிடிக்கிற நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு காலி வீதி நெரிசலில் வீட்டுக்கு ஓடுகிறீர்கள். ஒரு தடவைக்கு 3,125 ரூபாய். அந்தப் பாஸை இந்த மாதமே நிறுத்துங்கள். இரவு வரை திறந்திருக்கிற, நாள் கணக்கில் காசு வாங்குகிற ஓர் இடத்தின் இலக்கத்தை மட்டும் போனில் வைத்திருங்கள், வீட்டு இணைப்பு அறுந்த நாளில் அங்கே போகலாம். ஆக, 80,000-இல் 25,000 ஊர் மாறாமலே மிச்சமாகிறது. அதை யாழ்ப்பாணத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

மீதி 55,000 இரண்டு வீட்டு வாடகைக்கும் உள்ள வித்தியாசம். அதிலும் கழிக்க வேண்டியவை இருக்கின்றன. திருநெல்வேலியில் ஃபைபர் அறுந்தால் இரவு எட்டு மணிக்கு நம்பி ஓடிப்போக ஓரிடம் தேடுவது கஷ்டம், ஆகவே வேறு கம்பனியின் 4ஜி ரவுட்டர் ஒன்று வீட்டிலேயே இருக்க வேண்டும், அதற்கு மாதம் 4,000 என்று வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மதியம் முழுக்க அறையில் இருந்து கதைக்க ஏசி வேண்டும், கரண்ட் பில் படிமுறையாக ஏறுவதால் மேலதிகமாக 9,000 போடுங்கள். மாதம் ஒரு தடவை கொழும்பு வந்து போக, ஓர் இரவு தங்க, 12,000. மொத்தம் 25,000. உண்மையில் கையில் நிற்பது 30,000. உங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப இந்த எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

சரி, 30,000 சின்னக் காசு இல்லை. ஆனால் அதை மணித்தியாலமாக மாற்றிப் பார்க்க வேண்டும். டொலருக்கு 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால் உங்கள் மாத வரவு 510,000. மாதத்துக்கு 176 மணித்தியால வேலை என்றால் ஒரு மணித்தியாலத்தின் விலை ஏறக்குறைய 2,900 ரூபாய். இணைப்பு இல்லாமல் மாதத்தில் பத்து மணித்தியாலம் போனாலே அந்த 30,000 ஏறக்குறைய முழுதும் கரைந்துவிடும், அதற்கும் முதலே லண்டன்காரருக்குப் பொறுமை போய்விடும் என்பதுதான் என் பயம். ஆகவே கேள்வி, திருநெல்வேலி வீட்டில் இரவு பத்து மணி வரை இணைப்பு நிற்குமா என்பதுதான்.

அதைப் பார்க்க முடியும். வீட்டுக்காரர் "ஃபைபர் இருக்கு" என்று சொல்வதை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள். பெரிய வீதியில் ஃபைபர் ஓடும், உள் ஒழுங்கைக்கு வந்திருக்காது, அல்லது வந்த பெட்டியில் இடம் நிரம்பியிருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் ஃபைபர் கம்பி இறங்குகிறதா என்று பாருங்கள், அந்த வீட்டுக்காரரின் இணைப்பு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, கம்பனிக்குப் போன் செய்து, அதற்குப் பக்கத்தில் புது இணைப்பு எடுக்கலாமா என்று கேளுங்கள். தெளிவாக ஆம் என்று வராவிட்டால் அந்த வீடு வேண்டாம், 4ஜி-யை மட்டும் நம்பி உங்கள் வேலை ஓடாது.

இணைப்பு இருக்கிற வீடு என்றால் அங்கே இருந்து, இரவு எட்டு மணிக்கு, எல்லா வீட்டிலும் படம் ஓடுகிற நேரத்தில், விண்டோஸில் இதை ஓடவிடுங்கள்:

```
ping -n 600 8.8.8.8
```

பத்து நிமிடம் போல் ஓடும். முடிவில் `Lost` என்ற இடத்தில் எத்தனை வீதம் என்று வரும். பூச்சியம் என்றால் நல்லது, ஒரு வீதத்தைத் தாண்டினால் மீட்டிங்கில் உங்கள் குரல் வெட்டி வெட்டித்தான் போகும், ஸ்பீட் டெஸ்ட் 100 காட்டினாலும் அது உதவாது. காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்லிவிடாதீர்கள், நீங்கள் அந்த நேரத்தில் வேலை செய்வதில்லையே.

டேட்டா அளவையும் பாருங்கள். வீடியோ மீட்டிங்குக்கு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபிக்கு மேல் போகலாம், நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 80 ஜிபி வரும். சில பக்கேஜ்களில் பெரிய எண்ணைப் போட்டுவிட்டு அதில் பாதிக்கு மேல் நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கிற டேட்டாவாக வைத்திருப்பார்கள். உங்களுக்கு அது பிரயோசனமில்லை.

கரண்ட் போவதற்கு எந்த ஊரும் விதிவிலக்கில்லை. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது, அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு இருந்தது. அந்தக் கிழமை நான் தெஹிவளையில் வீட்டிலிருந்து ஒருவருக்குக் கடன் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தேன், லப்டொப்பில் மூன்று மணித்தியாலத்துக்கு பற்றரி இருந்தது, ஆனால் ரவுட்டர் செத்துவிட்டது, பாதிச் சொல்லில் நின்றோம். அதற்குப் பிறகுதான் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். வீட்டுக்குள் கம்பி வந்து சேர்கிற ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் அது சில மணித்தியாலம் தாங்கும். இரண்டையும் அதில் இணைக்க வேண்டும், ரவுட்டரை மட்டும் இணைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். இதற்கு ஒரு தடவைச் செலவாக 10,000 ஒதுக்குங்கள், எந்த ஊரில் இருந்தாலும்.

இன்னொன்று, அந்த ஃபைபர் பெட்டியில் `LOS` என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் வெளியே கம்பி அறுந்திருக்கும். அணைத்து அணைத்துப் போட்டு அரை மணித்தியாலத்தை வீணாக்காமல் உடனே 4ஜி-க்கு மாறுங்கள், முறைப்பாட்டை அப்புறம் கொடுக்கலாம். அந்த விளக்கு எரியாமல் `PON` என்ற விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் இல்லை என்றால் கம்பி நல்லாயிருக்கிறது, டேட்டா முடிந்திருக்கும் அல்லது கோளாறு கம்பனி பக்கம்.

இப்போது வெள்ளவத்தை வீட்டுக்காரரின் முற்பணம். ஆறு மாதம் என்றால் 570,000. அதை நிலையான வைப்பில் எட்டு வீதத்துக்குப் போட்டிருந்தால் வருடத்துக்கு 45,600 வட்டி, அதாவது உங்கள் உண்மையான வாடகை 95,000 இல்லை, 98,800. முற்பணத்தை மூன்று மாதமாகக் குறைத்தால் உங்களுக்கு மாதம் 1,900 மிச்சம், ஆகவே அவர் வாடகையை 1,500 கூட்டிக்கொண்டு முற்பணத்தைக் குறைக்கச் சம்மதித்தால் தயங்காமல் எடுங்கள். காசு அவரிடம் மாட்டிக்கொள்கிற பயமும் பாதியாகும். முற்பணம் மாத வாடகையில் கழியுமா, கடைசியில் மொத்தமாகத் திரும்புமா, இடையில் போனால் எத்தனை மாத அறிவித்தல் என்ற மூன்றும் நொத்தாரிசு எழுதுகிற ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், வாயால் சொன்னது அன்றோடு போகும்.

ஆனால் ஒரு வருடத்துக்குக் கையெழுத்து வைக்க முன்னர் மூன்று மாத நீட்டிப்புக் கேளுங்கள். அதற்குள் திருநெல்வேலியிலோ அதற்குப் பக்கத்திலோ, நான் சொன்ன சோதனையில் தேறிய வீட்டில் ஓர் அறையை நாலு கிழமைக்கு எடுத்து, உங்கள் வழக்கமான நேரத்தில் வேலை செய்யுங்கள். இணைப்பு இல்லாமல் போன நிமிடங்களைக் கொப்பி ஒன்றில் திகதியோடு எழுதுங்கள். நாலு கிழமையில் மூன்று மணித்தியாலத்துக்குள் நின்றால் நான் யாழ்ப்பாணம் போகச் சொல்வேன். ஆறு, ஏழு என்று போனால் வெள்ளவத்தையிலேயே இருங்கள், கோவர்க்கிங் பாஸ் இல்லாமல்.

கடைசியாக, உங்கள் கணக்கில் வரி என்ற வரியே இல்லை, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வருகிற சேவை வருமானத்துக்கு வரி இல்லை என்பது 2025 மார்ச் 31-உடன் முடிந்தது. இப்போது வருடத்துக்கு 18 இலட்சம் கழிவு, அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், மிச்சத்துக்கு 15 வீதம். உங்கள் 61 இலட்சத்து 20 ஆயிரத்துக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 558,000, மாதத்துக்கு 46,500 ரூபாய். கொழும்பிலிருந்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்தாலும் இது ஒன்றுதான், ஊர் மாறி மிச்சம் பிடிக்கிற 30,000-ஐ விட இது பெரியது. நாலு தவணையாக, ஆகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களில் 15-ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும், ஒரு தவணை 139,500. வீட்டுக்காரருக்கு 570,000-ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த தவணைக்குக் கையில் காசில்லாமல் நிற்காதீர்கள். சம்பளம் விழுகிற அன்றே 46,500-ஐ வேறு கணக்குக்கு மாற்றுங்கள், டின் இலக்கம் இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்தக் கிழமையே எடுங்கள்.