ஃபிளாட்டுக்கு வில்லங்கம் பார்ப்பது எப்படி: கேள்வி பதில்

"சார், ஃபிளாட் எண், கதவு எண் எல்லாம் கொடுத்து 1990-லிருந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ‘வில்லங்கம் ஏதும் இல்லை’ன்னு சுத்தமா வந்திருக்கு. அட்வான்ஸ் கொடுக்கலாம்தானே?" — மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர்

கொடுக்காதீர்கள். 2011-ல் கட்டி விற்ற வீடு என்றால், விற்பவர் வாங்கிய கிரையமாவது அந்தச் சான்றில் இருந்தாக வேண்டும். அதுவே இல்லை என்றால் நீங்கள் தேடிய இடம் தவறு. சொத்து சுத்தம் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. கொடுத்த விவரத்துக்குப் பொருந்தும் பதிவு அட்டவணையில் இல்லை என்று மட்டும்தான் அந்தச் சான்று சொல்கிறது.

ஃபிளாட்டுக்கு வில்லங்கம் என்பது அது நிற்கும் மனைக்கான வில்லங்கம். விற்பவரின் கிரையப் பத்திரத்தில் ‘அ’ அட்டவணையை எடுங்கள். முழு மனையின் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எல்லாம் அங்கே இருக்கும். tnreginet.gov.in தளத்தில் அதையே போட்டுத் தேடுங்கள். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-லிருந்து இணையத்தில் பார்க்கலாம், பார்க்கக் கட்டணம் இல்லை.

இன்று 45/2ஏ1 என்று இருப்பது பழைய பத்திரத்தில் வெறும் 45/2 ஆக இருந்திருக்கும். நகர அளவை முடிந்த இடத்தில் டி.எஸ். எண்ணும் வந்திருக்கும். பத்திரங்களில் வரும் எல்லா எண்களுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்திருந்தால், அந்தக் காலத்துக்கு அந்த அலுவலகத்தில்தான் தேட வேண்டும். பழைய பத்திரத்தின் முத்திரையில் அலுவலகத்தின் பெயர் இருக்கும்.

"மனை சர்வே எண் போட்டா நாற்பது பதிவு வருது அண்ணே. எதைப் பார்க்கிறது, எதை விடுறது?" — முதல் வீடு வாங்கும் தம்பதி

மேலிருந்து கீழே படிக்காதீர்கள். உங்களுக்கு விற்பவர் எழுதி வாங்கிய பதிவில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். உதாரணத்துக்கு ஒரு பதிவு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: ஆவண எண் 2417/2011, தன்மை கிரையம், எழுதிக்கொடுத்தவர் இருவர், அவர்களுக்காக ஒரு முகவர். விஸ்தீர்ணம் 4,800 சதுர அடியில் பிரிபடாத பாகம், அதாவது மனையில் அந்த ஃபிளாட்டுக்கு உரிய பங்கு, 560. முந்தைய ஆவண எண் 1186/1994.

முதலில் பார்க்க வேண்டியது அந்த முந்தைய ஆவண எண். 1186/1994-ல் எழுதி வாங்கிய இருவரும், 2011-ல் விற்ற இருவரும் ஒரே ஆட்கள்தானா? 1994-ல் மூன்று பேர் வாங்கி 2011-ல் இருவர் மட்டும் விற்றிருந்தால், மூன்றாமவரின் பங்கு எங்கே போனது என்பதற்கு நடுவில் ஒரு விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ இருக்க வேண்டும். இப்படியே ஒவ்வொன்றாக முப்பது ஆண்டு பின்னால் போனால் நாற்பது பதிவில் ஏழெட்டுதான் உங்கள் சங்கிலியில் நிற்கும். மற்றவை பெரும்பாலும் பக்கத்து ஃபிளாட்டுக்காரர்களின் கிரையமும் கடனும்.

அடுத்தது, ‘முகவர்’ என்ற சொல். அதைக் கண்டால் பொது அதிகார ஆவணத்தின் சான்றிட்ட நகலை வாங்காமல் நகரக் கூடாது. கூட்டு முயற்சியில் கட்டிய கட்டடத்தில் மனைக்காரர் சில வீடுகளைத் தனக்கு வைத்துக்கொண்டு, மீதியை விற்க மட்டும் பில்டருக்கு அதிகாரம் கொடுத்திருப்பார். உங்கள் வீடு அந்த ‘மீதி’யில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகாரம் கொடுத்தவர் 2011-ல் அந்தக் கிரையம் எழுதிய நாளில் உயிரோடு இருந்தாரா என்பதும் முக்கியம். கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அதிகாரமும் போய்விடும். அதிகாரத்தை ரத்து செய்து பதிவு செய்திருந்தால் ரத்துப் பத்திரமும் பட்டியலில் தனிப் பதிவாக வரலாம், அதையும் தேடுங்கள்.

"‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ன்னு ஒரு பதிவு இருக்கு சார், 2009-ல. பில்டர் பேங்க்ல கடன் வாங்கினதாம். அதெல்லாம் எப்பவோ அடைச்சாச்சுங்கிறார்." — வேளச்சேரி

ஒப்படைப்பு என்றால் சொத்தின் பத்திரங்களை ஈடாகக் கொடுத்துக் கடன் வாங்குவது. அந்தக் கடனை அடைத்திருந்தால் பின்னால் ஓர் இரசீது ஆவணம் பதிவாகியிருக்க வேண்டும். அந்த இரசீதின் ‘முந்தைய ஆவண எண்’ இடத்தில் 2009-ன் எண் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பில்டர்கள் கூடுதல் கடன் வாங்கும்போது இரண்டாவது ஒப்படைப்பு எழுதுவார்கள். ஒப்படைப்பு இரண்டு, இரசீது ஒன்று என்றால் ஒரு கடன் இன்னும் மனையின் மேல் நிற்பதாகத்தான் கொள்ள வேண்டும். கடன் முழு மனையின் மேல் எழுதப்பட்டது, உங்கள் பிரிபடாத பாகமும் அதற்குள்தான். உங்கள் ஃபிளாட்டை மட்டும் விடுவித்து வங்கி கடிதம் கொடுத்திருந்தாலும், அந்தக் கடிதம் வில்லங்கத்தில் வராது. அசலைக் கேட்டு வாங்குங்கள்.

"இரசீது போதும்னா கவலையே இல்லை சார். பில்டர் எனக்குக் கொடுத்த பண ரசீது எல்லாம் ஃபைல் போட்டு வெச்சிருக்கேன்." — அம்பத்தூர்

அது வேறு, இது வேறு. உங்களிடம் இருப்பது நீங்கள் பணம் கட்டியதற்கான சீட்டு. நான் சொன்னது, கடன் கொடுத்த வங்கி தன் கடன் தீர்ந்தது என்று எழுதிக்கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு எண்ணோடு ஏறும் ஆவணம். அது உங்கள் ஃபைலில் இருக்காது, பட்டியலில் இருக்க வேண்டும்.

"முப்பது வருஷம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். ஒப்படைப்பு எல்லாமே வில்லங்கத்தில் வரும் என்று எழுதுவது ஆபத்து. பத்திரத்தை வெறுமனே கொடுத்துக் கடன் வாங்கும் வழக்கம் உண்டு." — ஓய்வு பெற்ற அதிகாரி

சரியான திருத்தம் ஐயா, நான் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒப்படைப்பு ஒப்பந்தம், விற்பனை உடன்படிக்கை, அசையாச் சொத்துக்கான பொது அதிகாரம் ஆகியவற்றுக்குப் பதிவு கட்டாயம் ஆனது 2012 டிசம்பரிலிருந்துதான். அதற்கு முந்தையவை பட்டியலில் இல்லாமலே இருக்கலாம். அதற்குப் பிறகும் பதிவு செய்யாமல் விட்டவர்கள் உண்டு. வங்கிக் கடன்களுக்கான செர்சாய் பதிவேட்டில் சிறு கட்டணம் கட்டி இன்னொரு முறை தேடலாம். ஆனால் விற்பவர் கையில் அசல் பத்திரம் இருக்கிறதா என்பதுதான் பெரிய சோதனை. நகலை மட்டும் காட்டி "அசல் லாக்கரில் இருக்கு" என்றால், லாக்கரைத் திறந்து காட்டும் வரை பணம் கொடுக்க வேண்டாம்.

"எங்க கட்டடத்தில் எட்டு வீடு, மனை 4,800 சதுர அடி. நான் வாங்கப்போற வீட்டுக்கு பிரிபடாத பாகம் 560. எட்டையும் கூட்டினா சரியா 4,800 வருது. அப்ப சரிதானே? நடுவுல மாநகராட்சி பேருக்கு ஏதோ தானம்னு ஒரு பதிவு, அது பக்கத்து இடமா இருக்கும்னு விட்டுட்டேன்." — குரோம்பேட்டை

கூட்டிப் பார்த்தது நல்ல வேலை, பலர் செய்வதில்லை. ஆனால் அந்தத் தானப் பதிவைத் திறந்து சர்வே எண்ணையும் எல்லைகளையும் பாருங்கள். திட்ட அனுமதி வாங்கும்போது சாலை விரிவாக்கத்துக்காக மனையின் முன்பகுதியை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுப்பது வழக்கம். அது உங்கள் மனையிலிருந்து 300 சதுர அடி என்று வையுங்கள். மிச்சம் 4,500தான். பத்திரங்களோ எட்டும் சேர்ந்து 4,800-ஐ விற்றிருக்கின்றன.

நான்கு வீட்டுக்கு 640, நான்கு வீட்டுக்கு 560 என்றால், உங்கள் பங்கு 4,800-ல் 560, அதாவது நூற்றுக்குச் சுமார் 11.67. மிச்சமுள்ள 4,500-ல் அது 525 சதுர அடி. 35 சதுர அடி காகிதத்தில் மட்டும் இருக்கிறது. இன்று வீட்டுக்குள் உங்களுக்கு எதுவும் குறையாது. ஆனால் அந்த 35-க்கும் சேர்த்து விலையும் முத்திரைத்தாள் செலவும் கொடுப்பீர்கள். நாளை கட்டடத்தை இடித்துக் கட்டும்போது தகராறு அங்கேதான் தொடங்கும்.

தானம் முதலில் பதிவாகி, கிரையங்கள் பிறகு வந்திருந்தால், விற்றவர் தன்னிடம் இல்லாததையும் சேர்த்து விற்றிருக்கிறார். கிரையங்களுக்குப் பிறகு தானம் வந்திருந்தால், அதற்குள் வாங்கிவிட்ட வீட்டுக்காரர்கள் அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

கூட்டுத்தொகை மனையை விட அதிகமாக வந்தால் அது இன்னும் மோசம். ஒன்பதாவது கிரையம் ஒன்று இருக்கலாம், அனுமதியில் இல்லாத மாடிக்காக எழுதியதாக இருக்கலாம்.

"அப்ப இதைச் சரி பண்ண வழி?" — அவரே

எட்டு பேரும் சேர்ந்து பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினால் தெளிவாகத் தீரும். எட்டு பேரைக் கூட்டுவது எவ்வளவு கடினம் என்று தெரியும். விற்பவரின் பத்திரத்தை மட்டும் திருத்தினால் போதும் என்று சொல்லும் வழக்கறிஞர்கள் உண்டு, போதாது என்பவர்களும் உண்டு. என் யோசனை: உங்கள் கிரையத்தில் சதுர அடியோடு நிறுத்தாமல், மனை எவ்வளவு இருந்தாலும் அதில் 4,800-க்கு 560 என்ற விகிதப் பங்கு என்றும் எழுதச் சொல்லுங்கள், விலையை 525-க்குப் பேசுங்கள். மற்ற ஏழு பேரை இது கட்டுப்படுத்துமா என்பதைப் பத்திரத்தைப் படித்த உங்கள் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

"வீட்டுக்காரர் இறந்துட்டார், மகன் விற்கிறார். உயில் இருக்காம், பதிவும் பண்ணியிருக்காம். ஆனா வில்லங்கத்துல வரலையே மேடம்/சார்?" — தாம்பரம்

வராது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளில் கிரையம் போன்றவை ஏறுவது 1-ஆம் புத்தகம், உயில் ஏறுவது 3-ஆம் புத்தகம். வில்லங்கம் எடுப்பது முதலாவதிலிருந்து. மரணமும் எந்தப் பதிவையும் உண்டாக்காது. அதனால் பட்டியலில் அப்பாவே இன்னும் உரிமையாளராகத் தெரிவார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயிலின் நகல் மூன்றையும் பாருங்கள். வாரிசுச் சான்றில் ஒரு மகளின் பெயர் இருந்து உயிலில் இல்லை என்றால், அவரையும் கிரையத்தில் சம்மதக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

"அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி ஒரு தடவை பார்த்தா போதுமா?" — போரூர்

இல்லை. உடன்படிக்கைக்கு முன் ஒரு முறை, கிரையத்துக்கு முதல் நாள் ஒரு முறை, பதிவான பின் உங்கள் பெயர் சரியாக ஏறியதா என்று ஒரு முறை.

அதற்குப் பிறகும் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் எழுதிய நாள், தாக்கல் நாள், பதிவு நாள் என மூன்று தேதி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவரலாம், பதிவானதும் அது எழுதிய நாளிலிருந்தே செல்லும். விற்பவர் மார்ச்சில் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்து, அவர் அதை ஜூனில் பதிவு செய்தால், ஏப்ரலில் நீங்கள் எடுத்த வில்லங்கத்தில் அது இருக்காது. ஆனால் மே மாதம் பதிவான உங்கள் கிரையத்தை விட அதுவே முந்தியது ஆகிவிடலாம். அதனால் உடன்படிக்கையைப் பதிவு செய்யுங்கள், முழுப் பணத்தைக் கொடுக்கும் அதே மேசையில் அசல் பத்திரங்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். தாய்ப்பத்திரத்தின் அசல் வேறு ஃபிளாட்டுக்காரரிடமோ சங்கத்திடமோ இருந்தால், யாரிடம் இருக்கிறது என்பதை உங்கள் கிரையத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.